இரண்டாவது இசட்

1973 செப்டம்பர், ஓணம் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. சித்தூரில் மறுநாள் காலை பத்து மணிக்கு பிரீடிகிரி என்ற புகுமுக வகுப்புக்கு இயற்பியல் மறுதேர்வு. இயற்பியல் வாத்தியார் சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து ஹால் டிக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். பத்தொன்பது இருந்தன.

ஜோதி டுடோரியல் அதே ஊரில் ஒரு பம்ப்செட் கடையின் மாடியில் இருந்தது. கடையும் டுடோரியலும் சென்னிமலை என்பவருடையவை. மார்ச் தேர்வில் தோற்றவர்கள் இங்கே வந்து மூன்று மாதம் படித்து, செப்டம்பரில் மறுபடி எழுதுவார்கள். போன செப்டம்பரில் இயற்பியலில் தேறியவர்கள் நான்கு பேர். போன வாரம் சென்னிமலை நாடா கொண்டு வந்து வகுப்பறையை அளந்தார். டைப்ரைட்டிங் மிஷின் பன்னிரண்டு போடலாம் என்றார். இந்தத் தடவையும் சரிப்படாவிட்டால் சென்னியப்பன் வேலந்தாவளத்தில் அப்பாவின் கடலைக்காட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எம்.எஸ்சி. படித்தவன் கடலைக்கொடி பிடுங்கினாலும் கடலைக்கு வித்தியாசம் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

சுருளியம்மாள் மேசையில் உட்கார்ந்து நோட்ஸ் புரட்டிக்கொண்டிருந்தாள். வேதியியல் டீச்சர். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்காரி. வேதியியல் பரீட்சை வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது. விடுதி அறையில் மின்விசிறி இல்லாததால் இங்கே வந்திருந்தாள். படிக்க வேறு ஒன்றும் இல்லை. எனவே சென்னியப்பனின் நோட்ஸைப் படித்தாள்.

"சார், இது என்னது?" என்றாள்.

"எது டீச்சர்?"

"ஹீலியம் அயனி. இருபத்தேழு பாயிண்ட் ரெண்டுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. இந்த வருசம் சிலபஸ்ல புதுசாச் சேத்திருக்காங்க. அதான் சனிக்கிழமை கடைசி கிளாஸ்ல ஒரு கணக்கு போட்டுக் காட்டுனேன்."

"அதான் கேக்குதேன். எப்படிப் போட்டீங்க?"

சென்னியப்பன் ஹால் டிக்கெட்டுகளை ரப்பர் வளையத்தில் போட்டான். வேதியியல்காரர்களிடம் பொறுமை வேண்டும் என்பது அவன் கொள்கை.

"ஹைட்ரஜனுக்குப் பதிமூணு பாயிண்ட் ஆறு எலக்ட்ரான் வோல்ட். அது உங்களுக்கே தெரியும். அதுல அணுக்கருவுல ஒரு புரோட்டான். ஹீலியத்துல ரெண்டு. ஒரு எலக்ட்ரானைப் புடுங்கிட்டா மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான், ஹைட்ரஜன் மாதிரியே. அணுக்கருவோட இழுப்பு ரெண்டு மடங்கு. புடுங்கறதுக்கும் ரெண்டு மடங்கு. இருபத்தேழு பாயிண்ட் ரெண்டு. இதுல என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமில்ல. முழு ஹீலியத்துல முதல் எலக்ட்ரானைப் புடுங்க எவ்வளவு?"

"இருபத்து நாலு பாயிண்ட் ஆறு."

"சரி. ரெண்டு எலக்ட்ரானும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கையில, புடுங்க இருபத்து நாலரைக்கு மேல. தள்ளுததுக்கு யாருமில்லாம ஒத்தையா நிக்கது, அணுக்கரு மொத்தத்தையும் தனக்கே வச்சிருக்கு. அதுக்கு வெறும் ரெண்டரை கூட. நம்புதீங்களா?"

"நம்பறதுக்கென்ன. கூடத்தான இருக்குது."

"கூட இருக்கு. ஆனா இவ்வளவு கொஞ்சமாவா? தோட்டத்துல ஏலச்செடி ரெண்டு சேந்து நின்னா ரெண்டும் மெலிஞ்சு போகும். ஒண்ணை எடுத்துட்டுப் பாருங்க, மிச்சம் ஒண்ணு எப்படி வேர் பிடிக்குன்னு."

"டீச்சர், இது ஏலக்காய் இல்லீங்க."

"அதும் தெரியும்."

அவள் தன் பையிலிருந்து ஒரு தரவுப் புத்தகத்தை எடுத்தாள். அட்டை கிழிந்து, நூல் போட்டுத் தைத்திருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து அவன் முன் வைத்தாள். ஹீலியம், இரண்டாவது அயனியாக்க ஆற்றல்: 1254. மோலுக்குக் கிலோகலோரி.

"இதை எலக்ட்ரான் வோல்ட்டாக்குங்க" என்றாள்.

அவன் கிளார்க் மடக்கை அட்டவணையை எடுத்தான். ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 23.06 கிலோகலோரி. பென்சிலால் இரண்டு மடக்கைகளை எழுதினான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தான். எதிர்மடக்கை பார்த்தான். 54.4 வந்தது.

மறுபடி கழித்தான். மறுபடி அதுவே வந்தது.

"அச்சுப் பிழையா இருக்கும்" என்றான்.

"இருக்கும்."

"மூணு ரூவா புஸ்தகம்."

"ரெண்டரை."

அவள் நோட்ஸை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் ஒரு பிடி கிடைத்திருக்கும். அவன் எழுந்து கரும்பலகைக்குப் போனான். சுண்ணக்கட்டி எடுத்தான். தான் சரி என்று காட்டத்தான் எடுத்தான்.

அணுக்கரு ஒரு புள்ளி. சுற்றி ஒரு வட்டம். வட்டத்தின் ஆரம் ஆர். இழுவிசைதான் எலக்ட்ரானை வட்டத்தில் வைத்திருக்கிறது, அதை எழுதினான். அதிலிருந்து இயக்க ஆற்றல் வந்தது, நிலை ஆற்றல் வந்தது. இரண்டையும் கூட்டினான். மொத்தம்: மேலே இசட், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை, பெருக்கல் மின்னூட்டத்தின் வர்க்கம், கீழே இரண்டு ஆர், முன்னால் ஒரு கழித்தல் குறி.

"பாத்தீங்களா? மேல ஒரே ஒரு இசட். ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு."

"கீழ ஆர் இருக்கே. அது யாரு?"

"அது ஆரம். ஹைட்ரஜனுக்கு அரை ஆங்ஸ்ட்ராமுக்குக் கொஞ்சம் மேல வரும்."

"ஹைட்ரஜனுக்கு" என்றாள் சுருளியம்மாள்.

அவன் கை பலகையிலேயே நின்றது.

பிறகு மெதுவாக எழுதினான். போர் என்ற விஞ்ஞானியின் விதி: எலக்ட்ரானின் கோண உந்தம் இஷ்டத்துக்கு வராது, குறிப்பிட்ட அளவுகளில்தான் வரும். அதையும் இழுவிசைச் சமன்பாட்டையும் சேர்த்துப் போட்டால் ஆரம் கிடைக்கும். போட்டான். கிடைத்தது. ஆரத்துக்குக் கீழே ஓர் இசட் உட்கார்ந்திருந்தது.

இழுப்பு இரண்டு மடங்கானால் எலக்ட்ரான் இருந்த இடத்திலேயே இருக்காது. பாதித் தூரத்துக்கு உள்ளே போய்விடும். இழுப்பு கூடியதால் இரண்டு மடங்கு; பக்கத்தில் போனதால் இன்னொரு இரண்டு மடங்கு. ஆரத்தைக் கொண்டு போய் ஆற்றலில் போட்டதும் கீழே இருந்த இசட் மேலே ஏறியது. மேலே இரண்டு இசட். இசட் வர்க்கம். பதிமூன்று பாயிண்ட் ஆறு பெருக்கல் நான்கு. ஐம்பத்து நான்கு பாயிண்ட் நான்கு.

சென்னியப்பன் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தான். பம்ப்செட் கடையில் யாரோ குழாயைத் தட்டும் சத்தம் மேலே கேட்டது.

"எம்.எஸ்சி.ல இதை எழுதியிருக்கேனுங்க" என்றான். "இதே கேள்வி. சரியா எழுதினேன்."

"அப்புறம் என்னாச்சு?"

அவன் அலமாரியைத் திறந்து பழைய ஸ்டென்சில் தாளை எடுத்தான். நான்கு வருடத்துக்கு முன் இங்கே இருந்த வாத்தியார் பாங்கு வேலைக்குப் போகும்போது விட்டுப் போனது. ஆற்றல் சமம் பதிமூன்று பாயிண்ட் ஆறு இசட், கீழே வட்டப்பாதை எண்ணான 'என்'னின் வர்க்கம். இசட்டின் தலையில் இருக்கவேண்டிய இரண்டு இல்லை. சென்னியப்பன் வந்ததும் அதை அப்படியே புதிய ஸ்டென்சிலில் கீறினான். அப்புறம் வருடத்துக்கு இரண்டு பேட்ச். ஒரே நோட்ஸை நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தால், படித்த படிப்பு போய் நோட்ஸ்தான் படிப்பாகிவிடும்.

"நாலு வருசத்துல ஒருத்தரும் பாக்கலியா?" என்றாள்.

"எப்படிப் பாப்பாங்க? கேள்வி எல்லாம் ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்கு இசட் ஒண்ணு. ஒண்ணை எத்தனை தடவை ஒண்ணால பெருக்கினாலும் ஒண்ணு. விடை எப்பவும் சரியா வந்துட்டே இருந்துச்சு."

சுருளியம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். மறுபடி சிரித்தாள்.

"மன்னிச்சுக்கிடுங்க சார். நாலு வருசமா தப்பான சாவி வச்சு வீட்டைத் திறந்திருக்கீங்க. வீட்டுக்குப் பூட்டே இல்ல."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஹால் டிக்கெட்டுகள் கண்ணில் பட்டன. சிரிப்பு போய்விட்டது.

பத்தொன்பது பேரும் இருபத்தேழு பாயிண்ட் இரண்டு என்று எழுதுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். அவன்தான் மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வைத்தான்.

சென்னிமலை படியேறி வந்தார். கையில் கிரீஸ். விஷயத்தைக் கேட்டார். பலகையைப் பார்த்தார். அதில் அவருக்குப் புரிந்தது வட்டம் மட்டும்.

"ஏனுங்க வாத்தியாரே, அந்தக் கேள்வி நாளைக்கு வருமா?"

"வரலாமுங்க. புதுசாச் சேத்த பாடம். வர்றதுக்குத்தான் வழி."

"வராமயும் போலாம்."

"போலாமுங்க."

"அப்பறம் என்ன? பேசாம உடுங்க. பரீட்சைக்குப் போற பசங்களக் கூப்புட்டு, நாஞ் சொன்னது தப்புன்னா, மத்ததெல்லாஞ் சரியான்னு கேக்க மாட்டானுகளா? ஒரு கேள்விக்குப் பாத்து ஒம்பது கேள்வியும் போயிரும். பம்ப்ப வித்துப்போட்டு, மோட்டார்ல ஒரு நட்டு லூசுன்னு நான் போய்ச் சொல்லிட்டா இருக்கேன்?"

"லூசா இருந்தா சொல்ல மாட்டீங்களாண்ணா?" என்றாள் சுருளியம்மாள்.

சென்னிமலை கொஞ்சம் யோசித்தார்.

"டைட்டு பண்ணிட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். "உங்க இஷ்டம். ரிசல்ட்டு வந்தாத் தெரியுது." கீழே இறங்கிப் போனார்.

ராத்திரி சென்னியப்பன் சரியாகத் தூங்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சித்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றான். கையில் சிலேட்டு. பக்கத்து ஆரம்பப் பள்ளி வாத்தியாரிடம் கேட்டு வாங்கியது. உள்ளூர்ப் பையன்கள் நான்கு பேர் முதலில் வந்தார்கள். ஹால் டிக்கெட் கொடுத்தான்.

"தம்பிகளா, ஹீலியம் அயனி கணக்கு. நாஞ் சொன்னது தப்பு."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நாலால பெருக்குங்க. அம்பத்து நாலு பாயிண்ட் நாலு. அவ்வளவுதான்."

"சரிங் சார்" என்றார்கள். வேறெதுவும் கேட்கவில்லை. அவன் எதைச் சொன்னாலும் இவர்கள் சரிங் சார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நூறால் பெருக்கு என்றாலும்.

சுருளியம்மாள் வந்து சேர்ந்தாள். கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நாலுன்னு மட்டும் சொல்லாதீங்க சார்."

"நேரமில்லீங்க டீச்சர்."

"லித்தியத்துக்குக் கேட்டான்னா? அதுக்கும் நாலால பெருக்கிட்டு வருவாங்க. ஒரு தப்பை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கீங்க."

அவன் சிலேட்டைப் பார்த்தான். போய்க்கொண்டிருந்த நால்வரையும் கைதட்டிக் கூப்பிட்டான். திரும்பி வந்தார்கள். வட்டம் போட்டான். அதற்குள்ளே பாதி அளவில் இன்னொரு வட்டம் போட்டான். ரெண்டு இசட், ஒண்ணு இழுப்புல, ஒண்ணு தூரத்துல என்றான். ஒரு பையன் தலையைச் சொறிந்தான். இன்னொருவன், "அட" என்றான். சென்னியப்பனுக்கு நான்கு வருடத்தில் ஒரு பையன் 'அட' என்று சொல்லிக் கேட்டதாக ஞாபகமில்லை.

எட்டே முக்காலுக்குக் கொழிஞ்சாம்பாறை பஸ். ஆறு பேர் இறங்கினார்கள். நிறுத்தத்துத் தூணில் சிலேட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னான். இந்தத் தடவை 'நான் சொன்னது தப்பு' தயங்காமல் வந்தது. வெற்றிலைக் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் நின்று பார்த்தாள்.

"என்னுங் தம்பி, ராட்டையா?"

"இல்லீங்கம்மா, அணு."

"சின்னதாத்தான் இருக்குது" என்று சொல்லிப் போனாள்.

ஒன்பது இருபதுக்குக் கொல்லங்கோடு பஸ். எட்டுப் பேர். முன்னால் இறங்கியவள் கமலாத்தாள். நெல்லுக்காரர் வீட்டுப் பெண். மூன்று மாதத்தில் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நோட்ஸில் ஒரு புள்ளி விடாமல் மனப்பாடம் செய்திருந்தாள். அவளுக்குத்தான் பயம் வரும் என்று சென்னியப்பன் நினைத்திருந்தான்.

அவள் சிலேட்டை அவன் கையிலிருந்து வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப லித்தியத்துல ரெண்டு எலக்ட்ரானை எடுத்துட்டா ஒம்பதால பெருக்கோணுங்களா சார்?"

"ஆமா. எவ்வளவு வருது?"

"நூத்தி இருவத்திரண்டு பாயிண்ட் நாலு" என்றாள். மனக்கணக்கு. பக்கத்திலிருந்த பையன் விரலை மடக்கிக்கொண்டிருந்தான்.

டீக்கடை வாசலில் சென்னிமலை நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் கிளாஸ், டீ ஆறிப்போயிருந்தது.

பதினெட்டு. மிச்சம் ஒன்று. குப்பண்ணன்.

குப்பண்ணன் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன். மாடு கன்று போட்டது, மோட்டார் பழுது, வாய்க்கால் முறை என்று பாதி நாள் வரமாட்டான். வந்தால் தூங்குவான். ஒன்பதே முக்கால் ஆயிற்று. கல்லூரி வாசலுக்கு எல்லோரும் போய்விட்டார்கள். சென்னியப்பன் ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். முதல் மணி அடித்தது.

ஒன்பது ஐம்பத்தேழுக்குக் குப்பண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். பின்சக்கரம் தரையோடு தரை.

"பஞ்சருங் சார்."

"சைக்கிளைப் போடு. ஓடு. இந்தா டிக்கெட். டேய், ஹீலியம் அயனி, நாஞ் சொன்னது—"

"என்னுங் சார்?"

"நாஞ் சொன்னது தப்பு. இசட் ரெண்டு தடவை—"

இரண்டாவது மணி அடித்தது. காவலாளி வாசலை இழுத்தார். குப்பண்ணன் அந்தப் பக்கம், சென்னியப்பன் இந்தப் பக்கம். பையன் தலையை ஆட்டிக்கொண்டே படியேறினான். அவன் எதற்கும் தலையை ஆட்டுவான்.

"பதினெட்டு மோசமில்ல சார்" என்றாள் சுருளியம்மாள்.

"கேள்வி வராமயே போலாம்" என்றான் சென்னியப்பன்.

இருவரும் வாகை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரம். சென்னிமலை கடையைத் திறக்கப் போய்விட்டு, பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தார். கடையில் வியாபாரமில்லை என்றார். யாரும் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு முதல் பையன் வெளியே வந்தான். கேள்வித்தாளை நீட்டினான். சென்னியப்பன் வாங்கிப் பார்த்தான். ஏழாவது கேள்வி. ஹைட்ரஜன் அணுவின் அயனியாக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட் எனில், ஒற்றை அயனியான ஹீலியத்திலிருந்து மிச்சமுள்ள எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றலைக் காண்க. எட்டு மதிப்பெண்.

"எவ்வளவு போட்டே?"

"அம்பத்து நாலு பாயிண்ட் நாலுங் சார். ரெண்டு வட்டமும் போட்டேன்."

"வட்டம் எதுக்கு?"

"அழகா இருந்துச்சுங்."

ஒவ்வொருவராக வந்தார்கள். ஐம்பத்து நான்கு பாயிண்ட் நான்கு. ஐம்பத்து நான்கு பாயிண்ட் நான்கு. ஒருவன் அலகு போட மறந்துவிட்டான். சுருளியம்மாள் அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். சென்னிமலை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியில் குப்பண்ணன் வந்தான். சட்டைப் பையெல்லாம் மை.

"ஏழாவது கேள்வி" என்றான் சென்னியப்பன்.

"போட்டேனுங் சார்."

"எவ்வளவு?"

"அம்பத்து நாலு சொச்சம்."

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது. "நல்லவேளை. வாசல்ல நான் சொன்னது கேட்டுச்சா?"

"இல்லீங். மணி அடிச்சதுல ஒண்ணுங் கேக்கல."

"அப்புறம் எப்படிறா?"

குப்பண்ணன் தயங்கினான். சென்னிமலையைப் பார்த்தான். சுருளியம்மாளைப் பார்த்தான்.

"நோட்ஸைப் படிக்கலீங் சார். நேரங் கெடைக்கல. சனிக்கிழமை கிளாசுக்கும் வரல. அந்தச் சின்னச் சூத்திரம் எனக்குத் தெரியாது. நீங்க ஜூலைல ஆரம்பத்துல போட்டீங்கள்ல, இழுவிசை, கோண உந்தம், அது மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அங்கிருந்தே மொதல்ல இருந்து போட்டுட்டு வந்தேன். ஒன்றரைப் பக்கம் ஆச்சுங். அதுல மத்த ரெண்டு கேள்வியும் போச்சு."

சென்னிமலை சத்தமாகச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, படிக்காத பயலுக்குத்தான் நீங்க சொன்னது ஒழுங்கா ஏறியிருக்குது."

"ஜூலைல சரியாத்தான சொன்னேன்" என்றான் சென்னியப்பன். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜூலையில் பலகையில் சரியாகப் போட்டிருக்கிறான். அடுத்த வாரம் நோட்ஸைக் கொடுத்திருக்கிறான். இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"பத்தொம்பதும் ஆச்சு" என்றார் சென்னிமலை. "ரிசல்ட்டு வரட்டும். ஆனா டைப்ரைட்டிங்குக்குத் தத்தமங்கலத்துல வேற எடம் பாத்துக்கறேன். பஸ்ஸ்டாண்டுல நின்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே ரெண்டு பேர் எங்கிட்ட வந்து அடுத்த பேட்ச்சு எப்பன்னு கேட்டாங்க. அதுல ஒருத்தரு கண்டக்டரு, தங்கச்சிக்கு."

சுருளியம்மாள் எழுந்து சேலையைத் தட்டினாள். "சாப்பிடப் போவோம். பசிக்கி."

பையன்கள் கலைய ஆரம்பித்தார்கள். கொல்லங்கோடு பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கமலாத்தாள் மட்டும் போகவில்லை. கேள்வித்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதி வைத்திருந்தாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். சென்னியப்பன் காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை.

"ஏனுங் சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு."

"எலக்ட்ரான் ஒண்ணு இருந்தா அம்பத்து நாலு பாயிண்ட் நாலு, கணக்கு அச்சா ஒத்து வருது. முழு ஹீலியத்துலயும் அதே அணுக்கரு, அதே ரெண்டு புரோட்டான்தானுங்க. அங்க நோட்ஸ்ல இருக்கற இருவத்து நாலு பாயிண்ட் ஆறு எந்தச் சூத்திரத்துல இருந்து வருதுங் சார்?"

இரண்டு எலக்ட்ரான் ஒன்றையொன்று தள்ளும் அந்தக் கணக்குக்கு எம்.எஸ்சி.யிலும் நேரான சூத்திரம் எதுவும் இருக்கவில்லை; சென்னியப்பன் சிலேட்டைத் துடைத்தான்.